நொய்யல் கரைக் கல்வட்டங்கள்: குழிக்குள் இருக்கும் செல்வம் எங்கிருந்து வந்தது?

"எங்க ஊர் காங்கயம் பக்கங்க. மேட்டுக்காட்டுல வட்டமா கல்லு நட்டு, நடுவுல பலகைக்கல் பொதைச்சு நெறைய இருக்கு. பாண்டியன்குழின்னு சொல்றாங்க. இதை வெச்சு அந்தக் காலத்து சனங்க என்ன நம்புனாங்க, யாரு பெரியவங்க, யாரோட வியாபாரம் பண்ணுனாங்கன்னு நெசமாவே சொல்ல முடியுங்களா? இல்ல எல்லாம் ஊகந்தானா?"

சொல்ல முடியும், ஆனால் மூன்றையும் ஒரே உறுதியோடு சொல்ல முடியாது. வணிகத்தைப் பற்றி இந்தக் குழிகள் மிகத் தெளிவாகப் பேசும். யார் பெரியவர் என்பதை ஓரளவு சொல்லும். நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால், அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்று காட்டும். ஏன் செய்தார்கள் என்பதை நாம்தான் கவனமாக யோசிக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க உங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது: கொடுமணல். அதனால் தென்னிந்தியா முழுக்கச் சுற்றாமல் அங்கேயே நின்று பேசுகிறேன்.

கொடுமணல் நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் வேலைப்பாடு மிகுந்த அரிய கலன்களுக்குப் பேர்போன ஊராக வரும் கொடுமணம் இதுதான் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன், புலவர் செ. இராசு ஆகியோர் ஈடுபட்டு இங்கே அகழாய்வுகள் நடந்தன. 2012, 2013இல் ராஜன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து மீண்டும் வந்து தோண்டினார். மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டியிருக்கிறது. இந்த ஊரின் பெரிய வசதி என்னவென்றால், மக்கள் வாழ்ந்த மேடும் அவர்களைப் புதைத்த காடும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, இரண்டிலுமே ஆய்வு நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பெருங்கற்படைக் குழிகள், அதாவது இப்படிப் பெரிய கற்களால் கட்டிய கல்லறைகள், ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் பல இடங்களில் குழி மட்டும் கிடைக்கும், ஊர் எங்கே என்று தெரியாது. ஊர் தெரியாத குழி பாதிக் கதைதான் சொல்லும். இது ஏன் என்று கீழே போகப் போகப் புரியும்.

முதலில் குழி எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் காட்டில் வெளியே தெரிவது கல்வட்டம். பெரிய உருண்டைக் கற்களையோ பலகைக் கற்களையோ வட்டமாக நட்டு, உள்ளே சிறு கற்களைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அந்தக் கற்குவைக்குக் கீழே, மண்ணுக்குள், பலகைக் கற்களால் ஆன ஓர் அறை இருக்கும். அதைக் கற்பதுக்கை என்பார்கள். தரைக்கு ஒரு பலகை, நான்கு பக்கமும் நான்கு பலகை, மேலே மூடுகல். இந்த நான்கு பக்கப் பலகைகளையும் மூலையில் சும்மா முட்ட வைத்து விடுவதில்லை. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம் தெரியும். வெளியே நிரப்பிய மண் எல்லாப் பக்கமும் உள்நோக்கி அழுத்தும்போது, ஒரு பலகை அடுத்ததன் மேல் சாய்ந்து நிற்கும். சாந்து இல்லாமலே அறை இறுகிவிடும். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நிற்பதற்கு அதுதான் காரணம். எனவே இது அவசரத்தில் செய்த வேலை இல்லை. எந்தப் பலகை எந்தப் பக்கம் நீள வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த கல்வேலைக்காரர்கள் செய்தது.

பக்கப் பலகைகளில் ஒன்றில் ஒரு துளை இருக்கும். இடுதுளை என்று பெயர். பெரும்பாலும் ஓர் அடி, ஒன்றரை அடி அகலம்தான்; வட்டமாகவோ, அரைவட்டமாகவோ, சாவித்துவாரம் போலவோ வெட்டியிருப்பார்கள். சில குழிகளில் துளைக்கு முன்னால் இரண்டு பக்கமும் பலகை நட்டு ஒரு சிறு நடைவழியும் வைத்திருப்பார்கள். துளையை வெளியிலிருந்து ஒரு சிறு பலகையால் மூடி வைப்பது வழக்கம்.

நம்பிக்கையைப் பற்றிப் பேச நல்ல சான்று இந்தத் துளைதான் என்பது என் கருத்து. மூடிப் புதைப்பது மட்டும் நோக்கமென்றால் துளை தேவையில்லை. கருங்கல்லில் துளை போடுவது பலகையைப் பிளப்பதைவிடச் சிரமம். கொஞ்சம் தவறினால் பலகையே உடைந்துவிடும். அவ்வளவு சிரமப்பட்டு ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்றால், மூடுகல்லை வைத்த பிறகும் உள்ளே எதையோ கொண்டுபோக வேண்டியிருந்தது. அது எலும்பாக இருக்கலாம், படையலாக இருக்கலாம். இந்தக் குழிகளில் முழு உடல் கிடத்தப்பட்டிருப்பது குறைவு. பெரும்பாலும் சில எலும்புகள் மட்டும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். உடலை வேறெங்கோ போட்டோ, புதைத்தோ, சதை கழிந்த பிறகு எலும்பைப் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதாவது சாவு ஒரு நாளில் முடிகிற விஷயமாக இருக்கவில்லை. இறந்த நாளுக்கும் குழிக்குள் வைத்த நாளுக்கும் நடுவே மாதங்களோ வருடமோ போயிருக்கும்.

அப்புறம் ஒரே அறையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்பு இருப்பதும் உண்டு. இதைத் தோண்டுபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? முந்தைய எலும்பும் பானையும் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டு, அதற்கு மேல் கொஞ்சம் மண் படிந்து, அந்த மண்ணின் மேல் அடுத்த பானைகள் இருந்தால், குழி மறுபடி திறக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எல்லாப் பானையும் தரைப் பலகையின் மேல் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒரே தடவையில் வைத்தது. பின்னால் கல்லுக்காகவோ புதையலுக்காகவோ யாராவது உள்ளே புகுந்திருந்தால் இந்த மட்டங்கள் எல்லாம் கலைந்துபோயிருக்கும், அப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கொங்கில் அப்படிக் கலைந்த குழிகள் நிறைய.

உள்ளே உணவுப் பாத்திரங்கள் இருக்கும்: கறுப்பு-சிவப்புக் கிண்ணங்கள், தட்டுகள், நான்கு கால் வைத்த ஜாடிகள், பானையை நிறுத்தும் வளையத்தாங்கிகள். பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் 2009-10இல் ராஜன் தோண்டிய ஒரு குழியில் நான்கு கால் ஜாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் அப்படியே கிடைத்தது. காலிப் பானையைப் பார்த்துப் 'படையலாக இருக்கலாம்' என்று சொல்வதற்கும், ஜாடி நிறைய நெல்லைப் பார்த்துச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இறந்தவருக்கு உணவு தேவை, அல்லது இறந்தவருக்கு உணவு கொடுப்பது இருப்பவர்களின் கடமை, இந்த இரண்டில் ஏதோ ஒன்றை அவர்கள் நம்பியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று நெல் சொல்லாது. இன்று நாம் செய்கிற கருமாதியையும் படையலையும் அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்டிவிடக் கூடாது. இடையில் இரண்டாயிரம் வருடம் இருக்கிறது, எத்தனையோ சமயங்கள் வந்து போயிருக்கின்றன.

அதே நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்ற ஆண்டு வந்தது. கொடுமணலில் 2012இல் எடுத்த கரித்துண்டுகள் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கி.மு. 200 வரை காட்டின. பொருந்தல் ஆண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கரிமக் கணிப்பின் அளவுகோல் கி.மு. 800க்கும் 400க்கும் இடையே கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் எந்த நூற்றாண்டில் விளைந்த நெல்லுக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். அதனால் 490 என்ற எண்ணை ஒரு தேதி மாதிரி பிடித்துக்கொள்ளாமல், அதைச் சுற்றியுள்ள நீண்ட காலம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. கல்லை வைத்துக் காலம் கணிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். "இந்தக் கல்வட்டம் மூவாயிரம் வருடப் பழசு" என்று யாராவது சொன்னால், உள்ளே கிடைத்த எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

சரி, யார் பெரியவர் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு எல்லோரும் முதலில் குழிக்குள் இருக்கும் பொருளைப் பார்ப்பார்கள். நான் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவேன்.

கொடுமணல் ஈமக்காட்டில் இருநூறிலிருந்து முந்நூறு குழிகள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் செழித்திருந்த காலத்தில் குழி கட்டிய வழக்கம் குறைந்தது நானூறு வருடம் நடந்ததாக எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒரு குழிகூட வரவில்லை. ஒரு குழியில் மூன்று பேர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் வருடத்துக்கு இரண்டு பேர் சொச்சம். இப்போது ஊரைப் பாருங்கள். வாழ்விட மேடு சுமார் 15 ஹெக்டேர், அதாவது 37 ஏக்கர். அதில் வெறும் ஐந்நூறு பேர்தான் வாழ்ந்தார்கள் என்று மிகக் குறைவாக வைத்தாலும், மருத்துவ வசதி இல்லாத அந்தக் காலத்தில் ஆயிரத்துக்கு முப்பது, நாற்பது பேர் வருடம் இறந்திருப்பார்கள். அதாவது இந்த ஊரில் வருடத்துக்குப் பதினைந்து, இருபது சாவு. அதில் இரண்டு பேர்தான் கல்லறைக்குப் போயிருக்கிறார்கள். மிச்சம் பதின்மூன்று, பதினெட்டுப் பேர் எங்கே?

இது தோராயமான கணக்குதான். அழிந்துபோன குழிகளைச் சேர்த்து எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் பெரும்பான்மையோர் வெளியேதான் நிற்கிறார்கள். மணிமேகலையில் சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என்று ஐந்து வகையைச் சாத்தனார் ஒரே சுடுகாட்டில் வரிசையாகச் சொல்கிறார். அது கொடுமணலுக்குப் பிந்திய நூல், வேறு ஊரைப் பாடுவது. ஆனாலும் ஒரே ஊரில் பல வழக்கம் அடுத்தடுத்து இருந்திருக்க முடியும் என்பதை அது காட்டுகிறது. எரித்தவர்களுக்கும் வெறுமனே இட்டவர்களுக்கும் மண்ணில் தடயம் மிஞ்சாது. ஆகவே உயர்வு தாழ்வின் முதல் கோடு பெரிய குழிக்கும் சின்னக் குழிக்கும் நடுவே இல்லை. குழி கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் நடுவே அது ஓடுகிறது. நம் காட்டில் தெரிகிற மிகச் சாதாரணமான கல்வட்டம்கூட ஊரில் கொஞ்சம் செல்வாக்கு உள்ளவருடையதுதான்.

அந்தச் செல்வாக்கு எவ்வளவு என்று கல்லே சொல்லும். நடுத்தர அளவில் ஒரு மூடுகல்: இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம். சரியாக ஒரு கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு 2.7 டன். மரச்சட்டத்தில் ஏற்றித் தரையில் இழுத்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழுவை வேண்டும், அதாவது 900 கிலோ. ஒரு ஆள் தொடர்ந்து இழுத்தால் 20 முதல் 25 கிலோ விசை கொடுப்பார். ஆக ஒரு பலகைக்கு நாற்பது ஆள். ஓர் அறைக்கு அப்படி ஆறு பலகை. அதற்கு முன் பாறையில் தீமூட்டிச் சூடாக்கி, விரிசல் விட்டு, நெம்பிப் பலகை எடுக்க வேண்டும். குழி தோண்ட வேண்டும். வட்டக்கல்லும் குவைக்கல்லும் பொறுக்க வேண்டும். இத்தனை பேருக்கும் அத்தனை நாளும் சோறு போட வேண்டும். இதையெல்லாம் ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாது. நாற்பது பேரைக் கூப்பிட்டால் வருவார்கள் என்ற நிலையில் இருந்தவர் வீட்டுச் சாவு இது. கூலியா, உறவுமுறைக் கடமையா, அதிகாரமா என்பதைக் கல் சொல்லாது, ஆள் திரண்டது மட்டும் நிச்சயம்.

போகிற போக்கில் ஒன்று. உங்கள் காட்டில் பலகையின் ஓரத்தில் வரிசையாக ஆப்புக்குழிகள் தெரிந்தால், அது பெரும்பாலும் பிற்காலத்தில் வேலிக்கால் கல்லுக்காக யாரோ மூடுகல்லை உடைத்த அடையாளம். அந்தக் குழியின் உள்பக்கம் கலைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

குழிகளுக்குள்ளேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. கொடுமணலில் ஒற்றை அறைக் குழிகளும் இருக்கின்றன. தடுப்புப் பலகை வைத்து அறையை இரண்டாகப் பிரித்து, முன்னால் நடைவழியும் பக்கத்தில் துணை அறைகளும் கட்டிய பெரிய குழிகளும் இருக்கின்றன. இரும்பு வாள், ஈட்டி, கோடரி, அம்புமுனை ஆகியவை குழிகளில் வருகின்றன. ஊர்ப்பக்கம் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்திருப்பதால், இரும்பு இங்கே வெளியூர்ச் சரக்கு இல்லை. ஆனாலும் நல்ல வாளை மண்ணில் புதைப்பது சின்ன இழப்பு இல்லை. மறுபடி உலையில் காய்ச்சி அடித்தால் வேறு கருவி ஆகியிருக்கும் இரும்பு அது.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வாள் இருந்தால் வீரன், மணி இருந்தால் பெண் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். சில எலும்புத் துண்டுகளை மட்டும் வைத்து, அதுவும் பல பேருடையது கலந்திருக்கும்போது, எந்தப் பொருள் யாருடையது என்று பிரிப்பது மிகக் கடினம். குழியில் வைத்த பொருள் இறந்தவருடையதுதானா, வந்த உறவினர் போட்டதா என்பதும் தெரியாது. ஆகவே ஒரு குழியின் செல்வத்தைத் தனி மனிதரின் செல்வமாகப் பார்க்காமல் ஒரு குடும்பத்தின் அல்லது கூட்டத்தின் செல்வமாகப் பார்ப்பதே பத்திரமான வழி.

இனி வணிகம். எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

கொடுமணலில் ஒரே ஒரு குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. சிவந்த, பளபளப்பான கல்மணிகள். சூதுபவளம் என்பது இரும்புச் சத்துள்ள ஒரு வகைக் கல். பக்குவமாகச் சூடேற்றினால் மங்கிய நிறம் போய்ச் சிவப்பு ஏறும். கொங்கு மண்ணில் இந்தக் கல் இப்படிக் கிடைப்பதில்லை. இதற்குப் பேர்போன இடம் குஜராத். அங்கிருந்து கொடுமணல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. நீலநிற லாபிஸ் லசூலியும் இந்த ஊரில் கிடைத்திருக்கிறது, அதன் ஊர் ஆப்கானிஸ்தான்.

இங்கேதான் ஊரையும் குழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழியில் மணி மட்டும் இருந்தால் "வடக்கிலிருந்து மணிமாலை வாங்கினார்கள்" என்று எழுதி முடித்திருப்போம். ஆனால் ஊர்மேட்டில் தோண்டியபோது பாதி செதுக்கிய மணி, துளை போடும்போது உடைந்த மணி, மெருகேற்றாத மணி, செதுக்கிய சில்லுகள் எல்லாம் கிடைத்தன. வேலை செய்த இடத்தில் மட்டும்தான் கழிவு விழும். ஆக இந்த ஊருக்குக் கச்சாக் கல்லும் வந்திருக்கிறது, இங்கே மணி செய்யும் கைகளும் இருந்திருக்கின்றன. வாங்குவது மட்டுமே தெரிந்த ஊர் இல்லை இது, தொழில் செய்த ஊர்.

அடுத்து இன்னொரு விஷயம். காங்கயம் வட்டாரம் கல்லுக்குப் பேர்போனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். படியூரில் பெரில் என்ற மணிக்கல், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், சுற்றுவட்டாரத்தில் படிகம். கொடுமணல் ஊர்மேட்டில் இந்தக் கற்களிலும் மணி செய்த தடயம் நிறைய. உள்ளூரில் கிடைக்கும் பெரில் இவ்வளவு இருந்தும், குழிக்குள் கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் தொலைவிலிருந்து வந்த சூதுபவளம். எனக்கு இது மிக முக்கியமான வேறுபாடு. பக்கத்துக் காட்டில் தோண்டினால் கிடைக்கும் கல்லை விற்பதற்காகச் செய்திருக்கிறார்கள். வாழ்க்கை முடிந்தபோது இறந்தவரோடு அனுப்பத் தகுந்ததாகக் கருதியது, பெருவழியில் வந்து சேர்ந்த கல்லை. ஊரில் உயர்ந்தவர் என்பதன் அடையாளம், அந்த வழியில் கை எட்டுவதுதான் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நிலமும் மாடும்கூட அவர்களிடம் இருந்திருக்கும், ஆனால் அவற்றைக் குழிக்குள் காட்ட முடியாது. சூதுபவளத்தைக் காட்ட முடியும், ஊர் கூடி நிற்கும்போது காட்டத்தான் செய்தார்கள்.

வழி எது என்பதும் தெளிவு. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தால் பேரூர், வெள்ளலூர், அப்படியே நொய்யலை ஒட்டிக் கிழக்கே கொடுமணல், கரூர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வண்டியும் மாடும் சிரமமில்லாமல் கடக்கக்கூடிய பெரிய திறப்பு அந்தக் கணவாய்தான். நொய்யலையும் அமராவதியையும் ஒட்டிக் கல்வட்டங்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு அந்த வழியும் ஒரு காரணம். நீரும் மேய்ச்சலும் இன்னொரு காரணம்.

பலர் உடனே "ரோமாபுரி வணிகம்" என்று சொல்வார்கள். வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கரூரிலும் ரோமக் காசுகள் கிடைத்தது உண்மை. இந்தியாவில் ரோமக் காசு மிக அதிகமாகக் கிடைத்த வட்டாரங்களில் கொங்கு முன்னணியில் இருக்கிறது. ஆனால் அந்தக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. கொடுமணல் குழிகளின் சூதுபவளமோ அதற்கு இருநூறு, முந்நூறு வருடம் முந்திய வணிகத்தைச் சேர்ந்தது. இந்த வழியை ரோமர்கள் திறக்கவில்லை. குஜராத்தோடும் வடக்கோடும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த போக்குவரத்தில் அவர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். கல்வட்டத்தைப் பார்த்தவுடன் ரோமை நினைப்பது காலத்தைக் குழப்பிவிடும்.

யார் இந்த வணிகத்தை நடத்தினார்கள்? இதற்குப் பானைகள் உதவுகின்றன. கொடுமணலில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் ஊர்மேட்டில். கண்ணன் ஆதன் போன்ற தமிழ்ப் பெயர்களோடு ஸம்பன், விஸாகி என்று பிராகிருத வாசனை வீசும் பெயர்களும் வருகின்றன. வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல் ஓர் ஓட்டில் இருக்கிறது. வடக்கிலிருந்து ஆட்களும் வந்து தங்கினார்களா, அல்லது பெயர் மட்டும் வந்ததா என்று ஓட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் கல் வந்த வழியில் பெயர்களும் வந்தன என்பது ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. பொருந்தல் குழியிலும் ஒரு வளையத்தாங்கியில் 'வயிர' என்று எழுதியிருக்கிறது. ஆக எழுத்தும் ஊரோடு நின்றுவிடாமல் சாவுச் சடங்குக்குள் நுழைந்திருக்கிறது. எழுத்து மட்டுமல்ல, கீறல் குறியீடுகளும் உண்டு. ஒரு குழியின் பானைகளில் ஒரே குறி திரும்பத் திரும்ப வந்தால், அது அந்தக் குடும்பத்தின் அல்லது கூட்டத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு.

நம்பிக்கை, தகுதி, வணிகம் மூன்றும் ஒரே பொருளில் சேர்வதை இப்போது பார்க்கலாம். அந்த 2,220 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணிக்கும் கல்லைச் சூடேற்றி, சில்லு சில்லாகச் செதுக்கி, உரசி உருட்டி, இரண்டு பக்கமிருந்தும் மெல்லத் துளையிட்டு, மெருகேற்ற வேண்டும். துளையிடுவதுதான் அதிக நேரம் பிடிக்கும், உடைவதும் அங்கேதான். சில மணிகளில் வெள்ளைக் கோடுகூட இருக்கும்: சோடா உப்பையும் செடிச்சாற்றையும் குழைத்துக் கோடு வரைந்து மறுபடி நெருப்பில் காட்டினால் அந்த வெள்ளை கல்லுக்குள்ளேயே பதிந்துவிடும். நாளொன்றுக்கு ஒரு தொழிலாளி நான்கு மணி முடித்தார் என்று வைத்தால், ஒரு குழிக்குள் போனது 555 நாள் உழைப்பு. ஒன்றரை வருடம். இது கல்லின் விலையைச் சேர்க்காத கணக்கு, நான்கு என்பதும் நான் வைத்த எண். கூட்டியோ குறைத்தோ வைத்துப் பாருங்கள், தொகை பெரிதாகத்தான் நிற்கும். இவ்வளவையும் திரும்ப எடுக்க முடியாதபடி மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள். விற்றிருந்தால் லாபம் என்று நன்றாகத் தெரிந்த வணிக ஊரே இதைச் செய்திருக்கிறது. வெறும் பகட்டுக்கு என்றால் கூட்டத்துக்கு முன் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். உள்ளேயே வைத்தார்கள் என்பதால்தான் இறந்தவருக்கு இனியும் ஒரு நிலை உண்டு, அங்கேயும் அவர் பெரியவராக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என நான் நம்புகிறேன்.

இன்னும் தீராத கேள்வி, குழிக்குள் இருப்பவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்களா என்பது. பல்லின் எனாமலில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது அதன் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதம், சிறுவயதில் குடித்த தண்ணீரும் தின்ற தானியமும் எந்தப் பாறை மண்ணிலிருந்து வந்தவை என்று காட்டும். கொங்கின் பழம்பாறைக்கும் குஜராத்தின் எரிமலைப் பாறைக்கும் அந்த விகிதம் நன்றாகவே மாறும். நல்ல நிலையில் பல் கிடைத்தால் போதும். ஆனால் எலும்பு பொறுக்கி வைத்த குழியில் நொறுங்காத பல் கிடைப்பதே அரிது, அதுவும் தோண்டி எடுத்துப் போட்ட குழியில் வாய்ப்பே இல்லை.

அதனால் உங்கள் காட்டில் இருப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மூடுகல்லை நகர்த்தவோ உள்ளே கை விடவோ வேண்டாம். எத்தனை வட்டம், எது பெரியது, எதில் பலகை தெரிகிறது, இடுதுளை தெரிந்தால் எந்தத் திசை பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு, படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். பிறகு இட்டேரியைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் சுற்றளவில், மழை பெய்து உழவு ஓட்டிய மறுநாள் நடந்து பாருங்கள். கறுப்பு-சிவப்பு ஓடு தரையில் சிதறிக் கிடக்கிறதா, கனமான இரும்புக் கசடு கிடக்கிறதா, கண்ணாடி மாதிரி மின்னும் கல்சில்லு கிடக்கிறதா என்று கவனியுங்கள். கிடந்தால் எடுக்காமல் இடத்தை மட்டும் குறித்து, அதையும் சேர்த்து எழுதுங்கள். குழிகளைக் கட்டியவர்களின் ஊர் அங்கேதான் இருந்திருக்கும்.